13 புள்ளிகளில் பனிக்கட்டி, தண்ணீர், நீராவி

தங்கை மகள் தொடக்கநிலை 4 படிக்கிறாள். பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு தாளில் மூன்று பெட்டிகள் வரைந்துகொண்டு வந்து காட்டினாள். முதல் பெட்டி பனிக்கட்டி. அதில் பொடிப் பொடியான புள்ளிகள், நெருக்கியடித்துக்கொண்டு. இரண்டாவது தண்ணீர். அதில் கொஞ்சம் பெரிய புள்ளிகள், நடுவிலெல்லாம் நீல வண்ணம். மூன்றாவது நீராவி. அதில் ஊதிப் பெருத்த வட்டங்கள், மேலே வெள்ளைப் புகை. “சூடு பட்டால் எல்லாம் பெரிசாகிவிடும்தானே பெரியம்மா?” என்று கேட்டாள்.

இந்த வயதுப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வரைகிறார்கள். திடம், திரவம், வாயு என்று மூன்று பெயர்களையும் அழகாகச் சொல்லிவிடுவார்கள். வரையச் சொன்னால்தான் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. அதனால் நான் விளக்கம் சொல்லவில்லை. அந்தப் படத்தையே சரி செய்வோம் என்றேன். இரண்டு நாள் பிடித்தது. சமையலறையில் இருந்த பொருள்களே போதுமாக இருந்தன.

முதலில் ஒரு விதி வைத்தோம். மூன்று படங்களிலும் புள்ளிகள் ஒரே அளவு, ஒரே எண்ணிக்கை. ஏனென்றால் ஒரு புள்ளி என்பது தண்ணீரின் ஒரு மூலக்கூறு. பள்ளியில் H₂O என்று எழுதுகிறார்களே, அந்த ஒன்று. பனிக்கட்டியிலும் அதே மூலக்கூறுதான், தண்ணீரிலும் அதேதான், நீராவியிலும் அதேதான். சூடு பட்டதால் மூலக்கூறு பெருக்காது, குளிர்ந்ததால் சுருங்காது. மாறுவது இரண்டே விஷயம்: ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, ஒவ்வொன்றும் எப்படி அசைகிறது. புள்ளிகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்றால், ஒன்றுமே இல்லை. நீல வண்ணம் தீட்டினால், தண்ணீருக்குள் புள்ளிகள் மிதப்பதுபோல் ஆகிவிடும். அந்தப் புள்ளிகள்தான் தண்ணீர்.

எத்தனை புள்ளிகள் என்பதற்கு 13 என்று வைத்துக்கொண்டோம். அந்த எண் ஏன் என்பது பனிக்கட்டியை வரையும்போது தெரியும்.

பனிக்கட்டியில் மூலக்கூறுகள் ஒரு ஒழுங்கில் நிற்கின்றன. ஆறு ஆறாகச் சேர்ந்து, நடுவில் வெற்றிடம் விட்டு, தேன்கூட்டின் அறைபோல. புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது கைப்பழக்கமான வடிவம். மூன்று அறுகோணங்களை ஒன்றோடொன்று ஒட்டி வரைந்தால் மூலைகள் மொத்தம் 13 வரும். அதனால்தான் 13.

```
   ●     ●
●     ●     ●

●     ●     ●
   ●     ●

   ●     ●
      ●
```

உண்மையில் இது தாளில் படுத்திருக்கும் கோலம் அல்ல, மேலும் கீழும் அடுக்கடுக்காகப் போகும் கூடு. தாளில் அதன் ஒரு தட்டை மட்டும் வரைகிறோம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது. புள்ளிகளின் பக்கத்தில் சின்னச் சின்ன வளைகோடுகள் போடச் சொன்னேன். பனிக்கட்டியிலும் மூலக்கூறுகள் சும்மா நிற்பதில்லை, இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. இடம் மட்டும் மாறாது. அதனால்தான் பனிக்கட்டியைக் கிண்ணத்தில் போட்டாலும் தட்டில் வைத்தாலும் அதன் வடிவம் அதேதான்.

அடுத்தது தண்ணீர். உருகும்போது அந்தக் கூடு குலைந்துவிடுகிறது. நடுவில் இருந்த வெற்றிடத்துக்குள் பக்கத்துப் புள்ளிகள் சரிந்து விழுகின்றன. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டே, வழுக்கிக்கொண்டே இடம் மாறுகின்றன. தைப்பூசத்தன்று கூட்டத்துக்குள் தோளோடு தோள் உரசி நகர்கிறோமே, அது மாதிரி. பக்கத்தில் யாரோ எப்போதும் இருப்பார், ஆனால் அதே ஆள் இருக்க மாட்டார்.

```
  ●  ●●
●● ● ● ●
 ●● ●● ●
```

படத்தைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்தாள். “தண்ணீர் பனிக்கட்டியைவிட நெருக்கமாக இருக்கிறதே! திடத்தில்தானே நெருக்கமாக இருக்கும் என்று படித்தேன்?” அவள் படித்தது தவறில்லை. இரும்பு, மெழுகு, தேங்காய் எண்ணெய் என்று பெரும்பாலான பொருள்கள் உறையும்போது நெருங்கத்தான் செய்கின்றன. தண்ணீர் விதிவிலக்கு. உறையும்போது விரிகிறது. ஐஸ் மிதப்பது அதனால்தான். இதை நம்பச் சொல்ல வேண்டாம், பார்த்துவிடலாம் என்று ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் 200 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டோம். மூடியை இறுக்கி, சமையல் தராசில் நிறுத்தோம். பாட்டிலோடு 221 கிராம். பிறகு நிமிர்த்தியபடியே உறைபெட்டிக்குள் வைத்தோம். கண்ணாடி பாட்டிலில் இதைச் செய்யக் கூடாது, விரிசல் விட்டு உடைந்துவிடும். பிளாஸ்டிக்கானாலும் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது.

மறுநாள் காலை எடுத்தபோது, பனிக்கட்டி கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. நடுவில் சின்ன மேடு வேறு. 100 பங்கு தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 109 பங்கு இடம் கேட்கும். 200 மில்லிலிட்டருக்கு 18 மில்லிலிட்டர் கூடுதல். கோட்டுக்கு மேலே தெரிந்தது அதுதான்.

சரி, எடை? மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறவில்லை என்றால் எடையும் மாறக் கூடாது. பாட்டிலைத் தராசில் வைத்துவிட்டு, அவள் தம்பி கேட்ட மைலோவைக் கலக்கப் போய்விட்டேன். ஒரு பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தால் அவள் முகம் வாடியிருந்தது. தராசு 223 கிராம் காட்டியது. “பெரியம்மா, பனிக்கட்டிக்கு எடை கூடுதல்.”

என்னுடைய கவனக்குறைவுதான். ஆனால் அந்த 2 கிராமைப் போல நல்ல பாடம் வேறு கிடைத்திருக்காது. “பாட்டிலைத் தொட்டுப் பார்” என்றேன். வெளிப்புறம் முழுக்க ஈரம், சில இடங்களில் மெல்லிய வெண்பனி. ஒரு காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, உடனே மறுபடி வைத்தோம். 221. கூடியிருந்த எடை பாட்டிலுக்கு உள்ளே இருந்து வந்ததல்ல, வெளியே வந்து ஒட்டியது.

எங்கிருந்து வந்தது? தம்பிக்கு ஏழு வயது. அவன் தயங்காமல் சொன்னான்: “பாட்டில் வேர்க்குது.” நாமும் அப்படித்தான் பேசுகிறோம், குளிர்ந்த டம்ளர் வேர்க்கிறது என்று. அந்தச் சொல்தான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. வேர்வை என்றால் உள்ளிருந்து கசிவது. அதனால் டம்ளருக்குள் இருக்கும் தண்ணீர்தான் சுவர் வழியாக வெளியே வருகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். இதைத் தீர்க்க எளிய வழி, ரோஜா நிறத்து பண்டோங். ஐஸ் போட்டு ஒரு டம்ளர் பண்டோங் கலந்து, வெளியே துளிகள் கட்டியதும் வெள்ளைத் தாளால் ஒற்றி எடுத்தோம். தாளில் துளிகூட இளஞ்சிவப்பு இல்லை. கசிந்திருந்தால் நிறமும் கசிந்திருக்க வேண்டும். நாக்கால் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டான். இனிப்பும் இல்லை.

அப்படியானால் தண்ணீர் காற்றிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் இந்த அறைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் வெயில் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். எங்கள் வரவேற்பறை நான்கு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், உயரம் இரண்டரை மீட்டர் சொச்சம். பெருக்கிப் பார்த்தால் 40 கன மீட்டர். அதாவது, சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் இருவரும் கையை வீசி வீசிப் பார்த்தார்கள். ஏர்கான் ஓடும்போது வெளியே குழாய் வழியாகச் சொட்டுகிறதே, அது இந்தத் தண்ணீர்தான்.

இப்போது மூன்றாவது படத்துக்கு வரலாம். மூன்றிலும் கஷ்டமானது இதுதான், ஏனென்றால் நீராவியை யாரும் பார்த்ததில்லை.

இந்த வாக்கியத்தைச் சொன்னதும் அவள் கெட்டிலைக் காட்டினாள். வெள்ளையாக வருகிறதே, அது என்ன? தமிழில் ‘ஆவி பறக்கிறது’ என்று சொல்வது அந்த வெண்மையைத்தான். ஆவி பறக்கும் இட்லி, ஆவி பறக்கும் கோப்பி. பழகிய சொல், அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அறிவியலில் நீராவி என்றால் தண்ணீரின் வாயு நிலை. அது காற்றைப் போலவே நிறமில்லாதது, கண்ணுக்குத் தெரியாதது. வெள்ளையாகத் தெரிகிறது என்றாலே அது திரவம் என்று அர்த்தம். மிக மிகச் சின்னத் தண்ணீர்த் துளிகள் கூட்டமாகப் பறப்பதால்தான் வெளிச்சம் சிதறி வெண்மையாகத் தெரிகிறது. மேகமும் அப்படித்தான்.

இதை அடுப்பங்கரையிலேயே பார்க்கலாம். பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகள் ஒரு கை நீளத்துக்கும் அப்பால் நிற்க வேண்டும். கெட்டில் நன்றாகக் கொதித்து, மூக்கு வழியாக வேகமாக வெளியேறும்போது, மூக்கின் நுனியை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். பின்னால் இருட்டான பின்னணி இருந்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மூக்கை ஒட்டினாற்போல, ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இருக்காது. அதற்கு அப்புறம்தான் வெண்மை தொடங்கும். கொஞ்ச தூரம் போய் அந்த வெண்மையும் மறைந்துவிடும்.

ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும் அந்த ஒரு விரல் அகலத்தில்தான் நீராவி இருக்கிறது. வெளியே வந்து அறைக் காற்றோடு கலந்து குளிர்ந்ததும் துளிகளாகிறது, அது வெண்மை. துளிகள் பரவி, மறுபடி ஆவியாகி, அறைக் காற்றில் கலக்கின்றன, அங்கே மீண்டும் ஒன்றும் தெரியாது. ஆக, கெட்டிலை வரைந்தால் மூன்று பகுதிகளாக வரைய வேண்டும்: மூக்கருகே வெறும் இடம், அதில் ‘வாயு’ என்று எழுத வேண்டும். நடுவில் மேகம், அதில் ‘திரவம்’. மேலே மீண்டும் வெறும் இடம், அதிலும் ‘வாயு’. நடு மேகத்துக்கு ‘திரவம்’ என்று எழுதத்தான் அவளுக்குக் கை வரவில்லை. இரண்டு முறை அழித்து எழுதினாள்.

ஒரு எச்சரிக்கை. மூக்கருகே ஒன்றும் தெரியவில்லை என்று யாரும் விரல் நீட்டிவிடக் கூடாது. இருப்பதிலேயே சூடான இடம் அதுதான். ஏன் என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி வரைவது? அதே 13 புள்ளிகள்தான், தள்ளித் தள்ளி. எவ்வளவு தள்ளி என்பதில்தான் நாங்கள் பாதி நாள் செலவழித்தோம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் தண்ணீர் முழுவதும் 100 டிகிரி நீராவியாக மாறினால் அது 8 லிட்டருக்கும் மேல் இடம் எடுத்துக்கொள்ளும். பெரிய 1.5 லிட்டர் பாட்டில்கள் ஐந்தும் நிரம்பி ஆறாவதும் பாதி வரை வரும். ஏறக்குறைய 1,700 மடங்கு. இந்த 1,700 மடங்கு நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பங்கு பிரிகிறது. 12-ஐ 12-ஆலும் மறுபடி 12-ஆலும் பெருக்கினால் 1,728. ஆகவே ஒவ்வொரு திசையிலும் இடைவெளி சுமார் 12 மடங்கு.

எங்கள் புள்ளியின் குறுக்களவு அரை சென்டிமீட்டர். தண்ணீரில் அவை ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கும் அரை சென்டிமீட்டர்தான். நீராவியில் அது 6 சென்டிமீட்டர் ஆக வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்தோம். அவள் வரைந்திருந்த பெட்டிக்குள் ஒரே ஒரு புள்ளிதான் பிடித்தது! தண்ணீரின் 13 புள்ளிகள் ஒரு தபால்தலைக்குள் அடங்கிவிட்டன. அதே 13 புள்ளிகளை நீராவியாக வரைய ஒரு முழு ஏ4 தாள் தேவைப்பட்டது. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் தபால்தலை அளவுப் படத்தையும் ஒட்டினோம். எத்தனை வாக்கியம் பேசியிருந்தாலும் அந்த இரண்டு தாள்கள் சொன்னதை நான் சொல்லியிருக்க முடியாது.

இங்கே அவ்வளவு இடமில்லை. கீழே இருப்பது ஒரு குறிப்புப் படம்தான், இடைவெளி உண்மை அளவில் இல்லை.

```
●            ●              ●

      ●              ●

  ●         ●             ●

         ●           ●

 ●              ●        ●
```

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நேரான அம்புக்குறி போட வேண்டும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். வளைகோடு இல்லை, அதிர்வதில்லை, பறக்கிறது. கொதிநீரின் ஆவியில் ஒரு மூலக்கூறு ஒரு நொடிக்கு அரை கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் ஓடுகிறது. ஆனால் அடுத்த மூலக்கூறில் மோதி உடனே திசை மாறிவிடுகிறது. அதனால் அடுப்பில் கிளம்பியது ஒரே நொடியில் வாசலுக்குப் போய்விடாது.

கொதிக்கும் பாத்திரத்துக்குள் தெரியும் குமிழிகளையும் அவள் கேட்டாள். சூடேறத் தொடங்கும்போது பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் சின்னக் குமிழிகள் தண்ணீரில் கரைந்திருந்த காற்று. தளதளவென்று கொதிக்கும்போது அடியிலிருந்து எழும் பெரிய குமிழிகள் நீராவி. நீராவியை ‘பார்க்க’ வேண்டுமென்றால், அந்தப் பெரிய குமிழியின் உட்புறம்தான் அதற்குச் சரியான இடம். உள்ளே தெளிவாக, ஒன்றுமில்லாததுபோல் இருக்கும்.

இனி அந்தச் சூட்டின் கணக்கு. ஒரு டம்ளரில் ஐஸ் துண்டுகளை நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வெப்பமானியை விட்டுக் கலக்கிக்கொண்டே மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினோம். 1, 0, 0, 1, 0 என்றே போனது. வெளியே 30 டிகிரி, டம்ளருக்குள் சூடு போய்க்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் அளவு ஏறவில்லை. நடுவில் ஒருமுறை 4 காட்டியது. கலக்குவதை நிறுத்திவிட்டு அவர்கள் சண்டை போட்ட நேரம் அது. அடியில் தேங்கியிருந்த தண்ணீரை மட்டும் வெப்பமானி அளந்திருக்கிறது. கலக்கியதும் 0-க்கு வந்துவிட்டது. கடைசித் துண்டு கரைந்த பிறகுதான் அளவு ஏறத் தொடங்கியது.

உள்ளே போன சூடு எங்கே போயிற்று? அந்தத் தேன்கூட்டைக் குலைக்கச் செலவாகிவிட்டது. புள்ளிகளை வேகமாக்கினால்தான் டிகிரி ஏறும். இங்கே சூடு முழுவதும் அவற்றைப் பிரிக்கவே போனது. கொதிக்கும்போதும் இதே கதைதான். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியிலேயே நிற்கும், சீக்கிரம் வற்றுமே தவிர சூடு ஏறாது. சிங்கப்பூர் கடல்மட்டத்தை ஒட்டி இருப்பதால் இந்த 100 நமக்குச் சரியாக வரும். ஊட்டி உயரத்துக்குப் போனால் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

பிரிப்பதற்கு எவ்வளவு சூடு வேண்டும் என்பதை நிமிடத்தில் சொன்னால் பிள்ளைகளுக்கு மனதில் நிற்கிறது. ஒவ்வொரு நிமிடமும் ஒரே அளவு சூடு தரும் அடுப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம், சூடு எதுவும் வெளியே வீணாகாது என்றும் வைத்துக்கொள்வோம். அதில் ஒரு டம்ளர் தண்ணீர் 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு வர 5 நிமிடம் ஆகிறது என்றால், அதே எடையுள்ள பனிக்கட்டி 0 டிகிரியில் உருகி முடிக்க மட்டும் 4 நிமிடம் ஆகும். அந்தத் தண்ணீர் கொதித்து முழுவதும் நீராவியாக 27 நிமிடம்! உண்மையான சமையலறையில் பாத்திரமும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும், நிமிடங்கள் மாறும். ஆனால் உருக்குவதைவிட ஆவியாக்குவது ஏன் அவ்வளவு பெரிய வேலை என்பது சுவரில் ஒட்டிய இரண்டு தாள்களைப் பார்த்தாலே தெரியும். தபால்தலைக்குள் ஒட்டிக்கிடந்தவற்றை ஏ4 முழுக்கப் பிரித்துப்போட வேண்டும் அல்லவா?

கெட்டில் மூக்கில் விரல் வைக்கக் கூடாது என்றேனே, காரணம் இந்த 27 நிமிடம்தான். நீராவி தோலில் பட்டதும் மறுபடி தண்ணீராகிறது. ஆகும்போது, பிரிப்பதற்கு வாங்கிய சூடு முழுவதையும் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் கொதிநீரின் சூடு. அதே எடையுள்ள கொதிநீர் பட்டால் சுடுவதைவிட நீராவி பட்டால் கடுமையாகச் சுடுவது இதனால்தான். ஆவி பிடிக்கும்போது பிள்ளைகளைப் பாத்திரத்துக்கு மிக நெருக்கமாகக் குனிய விடாதீர்கள். மேலே வரும் வெண்மை துளிகள்தான், ஆனால் பாத்திரத்தின் விளிம்பை நெருங்க நெருங்க வாயுவாகவே இருக்கும்.

ஆவியாவதற்குக் கொதிக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. மூங்கில் கழியில் காயப்போட்ட துணி 30 டிகிரியில்தான் காய்கிறது. தண்ணீரில் எல்லாப் புள்ளிகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, மேற்பரப்பில் இருக்கும் வேகமானவை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போகின்றன. மெதுவாக நடக்கும். குமிழி வராது. வரவேற்பறைக் காற்றில் இருக்கும் அந்த ஒரு லிட்டர், கடலிலிருந்தும் ஈர மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் மாடி மாடியாகத் தொங்கும் துணிகளிலிருந்தும் இப்படித்தான் சேர்ந்தது.

மாலையில் தம்பி உறைபெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டான். “ஐஸ் கொதிக்குது பாருங்க!” கதவைத் திறந்ததும் வெள்ளையாக ஏதோ வந்தது. அக்கா பக்கத்தில் போய் நின்று கவனித்தாள். கெட்டிலின் வெண்மை மேலே போனது, இது கீழே வழிகிறது என்றாள். மிகச் சரியான கவனிப்பு. கெட்டிலில் சூடான நீராவி வெளியே வந்து குளிர்ந்து துளியாகிறது. சூடான காற்று லேசானது, அதனால் எழுகிறது. உறைபெட்டியிலிருந்து வெளியே வருவது குளிர்ந்த கனமான காற்று, அதனால் தரையை நோக்கி இறங்குகிறது. அது பட்டதும் சமையலறைக் காற்றில் ஏற்கெனவே இருந்த நீராவி துளிகளாகித் தெரிகிறது. பனிக்கட்டி கொதிக்கவில்லை, பாட்டிலில் ஒட்டிய 2 கிராமின் உறவுதான் இது. மீன் கடையில் ஐஸ் குவியலின் மேல் ‘புகை’ தவழ்வதும் இதேதான். இரண்டு படங்களையும் அருகருகே வரைந்து, ஒன்றில் மேலே போகும் அம்பும் மற்றதில் கீழே இறங்கும் அம்பும் போட்டாள். இரண்டு வெண்மைக்கும் ‘திரவம்’ என்றே எழுதினாள், இந்த முறை அழிக்காமல்.

பிறகு மூன்று பெட்டிகளுக்கும் இடையே அம்புகள். பனிக்கட்டியிலிருந்து தண்ணீருக்கு ‘உருகுதல்’, திரும்பி வர ‘உறைதல்’. தண்ணீரிலிருந்து நீராவிக்கு ‘ஆவியாதல்’, அது கொதிப்பதாலும் இருக்கலாம், துணி காய்வதாகவும் இருக்கலாம். திரும்பி வர ‘நீராகக் குளிர்தல்’. நான்கு அம்புகள் போட்டுவிட்டு முடிந்தது என்று பேனாவை மூடினாள்.

தம்பி இன்னும் உறைபெட்டியிடமே நின்றான். பழைய ஐஸ் தட்டு ஒன்றை வெளியே எடுத்தான். மாதக்கணக்காக யாரும் தொடாமல் கிடந்தது. அதில் துண்டுகள் சிறுத்து, ஓரம் மழுங்கி, குழியின் பாதிக்குக் கீழே போயிருந்தன. உள்ளே எப்போதும் 0-க்குக் கீழே 18 டிகிரி. உருகியிருக்கவே முடியாது. ஆனால் பெட்டியின் சுவரில் வெண்பனி படிந்திருந்தது.

அக்கா தட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பேனாவை மறுபடி திறந்து, பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து தண்ணீரைத் தொடாமல் வளைத்து, நேராக நீராவித் தாளுக்கு ஐந்தாவது அம்பு ஒன்று போட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, சுவரில் படிந்ததற்காக, அங்கிருந்து திரும்பி வரும் ஆறாவதையும்.